பூனையின் வயிற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்: வேலூர் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கங்களில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும், மேஜையருகே பூனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் விருதம்பட்டுக்காரி. மனிதர்களுக்கான மருத்துவமனை ஒன்றின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பதுதான் தொழில். மார்புக் கட்டிகள் எத்தனை என் கை வழியாகப் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவள் என் வீட்டுப் பூனையின் கட்டியை மூன்றரை மாதம் சும்மா வைத்திருந்தேன். அதனால் இந்தக் கடிதத்தில் குறை சொல்லும் இடங்களில் என்னையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவுக்கு அப்போது 11 வயது. இரண்டு முறை குட்டி போட்டவள். கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. இளம் வயதில் பருவம் வந்து ராத்திரியெல்லாம் கத்தும்போது, தெருவே தூங்க முடியவில்லை என்று சத்தம் போட, மூன்று தடவை ஹார்மோன் ஊசி போட்டு அடக்கினோம். மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த வகை ஊசியும் மாத்திரையும் பூனையின் பால்சுரப்பியில் கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் உண்ணிக்காகச் சீப்பு போட்டுக்கொண்டிருந்தபோது, இடது பக்கம் மூன்றாவது காம்பை ஒட்டி, தோலுக்கடியில் ஏதோ உருண்டது. பட்டாணி அளவு. ஆனால் பட்டாணி போல வழவழப்பாக இல்லை; ஊறவைக்காத கொண்டைக்கடலை மாதிரி கெட்டியாக, சற்றுக் கரடுமுரடாக இருந்தது. பழக்கதோஷத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: 7 மில்லிமீட்டர். வலி இல்லை. சாப்பாட்டிலும் குறை இல்லை.

தூக்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். எந்த ஊர், எந்தத் தெரு என்பது இங்கே வேண்டாம். டாக்டர் காது பார்த்தார், பல் பார்த்தார், கட்டியை இரண்டு விரலால் ஒரு நொடி தொட்டார். "வயசான பொட்டைப் பூனைக்கு இதெல்லாம் சகஜம்மா. பால் கட்டியிருக்கும். அஞ்சு நாள் மாத்திரை குடுங்க, பெருசானா கொண்டு வாங்க" என்றார்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளுக்காகத்தான் இந்தக் கடிதமே.

பெரிதாகிற வரை காத்திருக்கலாம் என்பது நாய்க்கு ஓரளவு பொருந்துகிற கணக்கு. பெட்டை நாயின் மார்புக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி தீங்கில்லாதவை. பூனைக்கு அப்படியில்லை. பத்துக் கட்டிகளில் எட்டு, ஒன்பது புற்றுநோய்தான். அதுவும் நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் சீக்கிரம் ஓடுகிற ரகம். இது உங்களுக்குப் பாடத்தில் வந்ததுதான். ஆனால் தினமும் மேஜைக்கு வருவதில் நாய் அதிகம், பூனை குறைவு. நாய்க்குச் சொல்லிப் பழகிய வாய் பூனைக்கும் அதையே சொல்லிவிடுகிறது.

சித்திரை பிறந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தேன். 24 மில்லிமீட்டர். நடுவில் ஏன் அளக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதில் இல்லை. டாக்டர் சகஜம் என்று சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். 7 என்பது 24 ஆனால் குறுக்களவில் மூன்றரை மடங்கு. கட்டி உருண்டையாயிற்றே, கன அளவில் பார்த்தால் நாற்பது மடங்கு! விரலுக்கு "கொஞ்சம் பெருசாயிருக்கு" என்று படுவதற்குள் உள்ளே இவ்வளவு நடந்துவிடுகிறது.

பூனையின் மார்புப் புற்றில் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயங்களில் கண்டுபிடிக்கும் நாளில் கட்டி இருக்கும் அளவு முக்கியமானது. 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும்போது ஆபரேஷன் செய்த பூனைகள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கின்றன. 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் கணக்கு ஆறு மாதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் என்றால் ஒன்றரை, இரண்டு வருடம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். கட்டி அந்தக் காசுக்குள் அடங்குகிறதா, தாண்டுகிறதா என்பதில் இத்தனை இருக்கிறது. அதற்காகக் காசு அளவு வரும்வரை பொறுக்கலாம் என்று அர்த்தமில்லை. பச்சைப்பயறு அளவில் பார்த்தாலும் அந்த வாரமே பார்க்க வேண்டிய கட்டிதான் அது.

சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். காட்பாடியில் விடியற்காலை ரயில், மடியில் கம்பிக்கூடை, அக்கம்பக்கத்து சீட்டுக்காரர்களின் கேள்விகள். அங்கே முதலில் ரத்தம் எடுத்தார்கள், அப்புறம் நெஞ்சை மூன்று கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரே கோணத்தில் எடுத்தால், கீழே அழுந்தியிருக்கும் பக்கத்து நுரையீரலில் உள்ள புள்ளிகள் மறைந்துபோகும். அன்றைக்குப் புள்ளி ஏதும் தெரியவில்லை.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாமே என்றுதான் நான் நினைத்தேன். பூனைக்குப் பக்கத்துக்கு நான்காக எட்டுப் பால்சுரப்பிகள். ஒரு பக்கத்துச் சுரப்பிகளுக்குள் நிணநீர் வழித் தொடர்பு இருப்பதால், ஒன்றில் கட்டி என்றாலும் அந்த வரிசை முழுவதையும் தொடையிடுக்குக் கணுவோடு எடுப்பதுதான் முறை. கட்டியை மட்டும் எடுத்தால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். அக்குளிலிருந்து தொடை வரை ஒரே கோடாகத் தையல். இரண்டு பக்கமும் ஒரே நாளில் எடுத்தால் இழுத்துத் தைக்கத் தோல் போதாது. அதனால் வலது பக்கத்தை ஐந்து வாரம் கழித்து எடுத்தார்கள். கத்திரி வெயிலில், தையலை நக்காமல் இருக்க, என் பேத்தியின் பழைய லெகிங்ஸில் நாலு ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். கழுத்தில் மாட்டும் புனலை விட அதற்கு அவள் பணிந்தாள்.

(வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடுகிறார்கள். பூனைக்கு ஒரே மாத்திரை போதும், உயிர் போய்விடும். மருந்துச் சீட்டு எழுதும்போது இதையும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.)

திசு அறிக்கை வந்தது. புற்றுதான். கணுவிலும் செல்கள் போய்விட்டிருந்தன. கீமோவைப் பற்றிப் பேசினார்கள். அவள் சிறுநீரகம் ஏற்கெனவே மட்டமாக இருந்ததால் நாங்கள் வேண்டாம் என்றோம். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தாள். அதில் பத்து மாதம் நன்றாகவே இருந்தாள், மீன்காரர் மணியடித்தால் திண்ணைக்கு ஓடினாள். கடைசி மாதம் விலா உள்வாங்க மூச்சு வாங்கியது. நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. 7 மில்லிமீட்டரில் எடுத்திருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சிறிய கட்டியும் சில சமயம் ஏமாற்றும். ஆனால் அந்தக் கணு அப்போது சுத்தமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

"பால் கட்டியிருக்கும்" என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஒன்றிரண்டு வயதுப் பூனைக்கு, பருவம் வந்து அடங்கியதும், அல்லது சினையாக இருக்கும்போது, அல்லது அந்த ஹார்மோன் ஊசிக்குப் பிறகு, சுரப்பிகள் பலவும் ஒரே சமயத்தில் திடீரென்று வீங்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், புற்று இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கிற பூனைக்குச் சீழ் கட்டுவதும் உண்டு. அது சுடும், வலிக்கும், காய்ச்சல் வரும். பத்து வயதைத் தாண்டிய, குட்டியோ பாலோ இல்லாத பூனைக்கு, வலியில்லாமல் கெட்டியாக ஒரு கட்டி வந்தால் அது இந்த இரண்டிலும் சேராது.

இந்த வயதில் கருத்தடை செய்தால் சரியாகிவிடுமா என்று சைதாப்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் கேட்டாள். அவளிடமும் ஒரு கிழட்டுப் பூனை உண்டு. ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் இந்தப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறையும், ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டு வயதுக்கு மேல் செய்தால் இந்த விஷயத்தில் சொல்லும்படியான பலன் இல்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும், அது வேறு கதை. அந்த வாய்ப்பைத் தவறவிட்ட பூனைக்கு மிச்சமிருக்கும் ஒரே காவல் விரல்தான்.

பூனையை முதுகு நம்மைப் பார்க்க மடியில் உட்காரவைத்து, இரண்டு அக்குளிலிருந்தும் தொடையிடுக்கு வரை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலை உருட்டிக்கொண்டே போக வேண்டும். பின்வயிற்றில் தொங்கும் கொழுப்பு மடிப்பில்தான் கட்டி ஒளியும், அங்கே நிதானமாக. நாத்தனாருக்கு மாசாமாசம் அமாவாசையன்று என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன், மறக்காது. வீட்டில் செய்யாதவர்களுக்காகத்தான் உங்களைக் கேட்கிறேன். ஏழெட்டு வயது தாண்டிய பெட்டைப் பூனை உண்ணிக்கு வந்தாலும் சரி, காதுக்கு வந்தாலும் சரி, அந்த ஒரு நிமிடத்தை வயிற்றுக்குக் கொடுங்கள். கட்டி தட்டுப்பட்டால் சீட்டில் மில்லிமீட்டரில் எழுதுங்கள். "சின்னக் கட்டி" என்று எழுதினால் அடுத்த முறை பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒன்று. எடுத்த கட்டியைக் குப்பையில் போடாதீர்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். வரிசை மொத்தமும், கணுவும் சேர்த்து. உப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் பனி செல்லைக் கிழித்துவிடும், பிறகு கண்ணாடியில் பார்க்க ஒன்றும் இருக்காது. பத்து சதவீத ஃபார்மலின், சதையைப் போலப் பத்து மடங்கு. பெரிய துண்டென்றால் ரொட்டி போல வகிர்ந்து ஒரு ஓரம் ஒட்டியபடி விட்டால்தான் மருந்து உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் மருந்து போய்ச் சேர்வதற்குள் நம் ஊர் வெயிலில் நடுப்பகுதி அழுகிவிடும். குறுகிய வாய் பாட்டிலில் மட்டும் திணித்துவிடாதீர்கள். மெத்தென்று உள்ளே போன சதை கல்லாக இறுகி, வெளியே வர மறுக்கும். அந்தப் பாட்டில்களைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தே என் பாதி சர்வீஸ் போனது.

வாய் அகன்ற பாட்டில் கிடைக்கவில்லையென்றால் சொல்லியனுப்புங்கள். ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, மூடியோடு பதினாறு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவை வளர்த்தவள்,
விருதம்பட்டு