எங்கள் கம்பி பில் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாக நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஆடியோ சுற்றுகிறது. "அந்த ரீவைண்டிங் பட்டறையில பில் இல்லாத கம்பிதான் போடறாங்க, நானே பார்த்தேன்" என்று அதில் ஒருவர் சொல்கிறார். குரலை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவருடைய 10 ஹெச்பி மோட்டார் இன்றும் எங்கள் பட்டறையில்தான் வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கிறது. அவர் மேல் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது, இறங்கிவிட்டது.

அவர் பார்த்தது உண்மைதான். கம்பி வாங்கிய பில்லைக் கேட்டால் எடுத்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்று ஃபைலில் மேலே இருந்தது ஜூன் மாத பில். எனாமல் காப்பர் கம்பி 80 கிலோ, கிலோ 1,000 ரூபாய், ஆக 80,000. கீழே ஒரே வரியில் 'ஜிஎஸ்டி 14,400'. வாங்கியவர் என்ற இடத்தில் பட்டறையின் பெயர், பக்கத்தில் 'கோவை'. அவ்வளவுதான். எங்கள் ஜிஎஸ்டி எண் இல்லை, சரக்கு எந்த வகை என்று காட்டும் ஹெச்எஸ்என் கோடு இல்லை, வரியை மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துப் போடவும் இல்லை. அவர் மில் மெயின்டனன்ஸில் இருப்பவர், தினமும் பில் பார்க்கிறவர். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

பில் இல்லாத சரக்கென்றால் 14,400 ரூபாய் வரியை நான் ஏன் கட்ட வேண்டும்? பணம் பேங்க் வழியாகத்தான் போயிருக்கிறது. நடந்தது என்னவென்றால், சப்ளையரின் பில்லிங் சாப்ட்வேரில் எங்கள் பெயர் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. ஒன்று கவுண்டரில் சில்லறையாக வாங்கிய காலத்தில் எண் இல்லாமல் போட்டது, மற்றது முறையானது. புதிதாக வந்த பையன் முதலில் வந்ததைத் தட்டிவிட்டான். எங்கள் ஆளும் பார்க்காமல் வாங்கி வந்தார், நானும் பார்க்காமல் ஃபைலில் குத்தினேன். அது என் தவறு.

ஜூலை 14 அன்று தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் விற்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து 14-ஆம் தேதி நமக்கு ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் வரும். அதில் இல்லாத பில்லுக்கு வரிக் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது, பில் கையில் இருந்தாலும் சரி. எங்கள் பட்டியலில் இந்த பில் இல்லை. 20-ஆம் தேதி ரிட்டர்னில் 14,400 ரூபாயைக் கையிலிருந்து போட்டுக் கட்டினேன்.

போன் செய்தேன். "பில்லைக் குடுத்து விடுங்க, நம்பர் எழுதி சீல் போட்டுத் தர்றேன்" என்றார் சப்ளையர். நல்ல மனிதர், 11 வருடப் பழக்கம். ஆனால் பேனாவால் எழுதினால் காகிதம்தான் மாறும், அவர் தாக்கல் செய்தது மாறாது. எண் இல்லாத உள்ளூர் விற்பனையெல்லாம் ரிட்டர்னில் ஒரே மொத்தத் தொகையாகத்தான் போகும். பில் எண்ணே அங்கே இருக்காது, பிறகு எதைத் தேடித் திருத்துவது? அந்த மொத்தத்தில் 80,000-ஐக் கழித்து, எங்கள் எண்ணோடு தனி பில்லாகச் சேர்த்தால்தான் எங்களுக்கு வரும். வாயால் சொன்னால் கணக்குப் பிள்ளை வரை போய்ச் சேராது என்று கடிதமாகவே கொடுத்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை, அதை அப்படியே தருகிறேன்.

"ஐயா, வணக்கம். ஜூன் 12 தேதியிட்ட தங்கள் பில்லில் (நகல் இணைத்துள்ளோம்) எங்கள் ஜிஎஸ்டி எண், கம்பிக்கான ஹெச்எஸ்என் கோடு 8544, வரி விகிதம் ஆகியவை விடுபட்டுள்ளன. வரித் தொகையும் பிரிக்கப்படவில்லை. தயவுசெய்து மத்திய வரி 9 சதவீதம் 7,200, மாநில வரி 9 சதவீதம் 7,200 எனக் காட்டி, எங்கள் எண்ணுடன் திருத்திய பில் தரவும். 33 என்று தொடங்கும் எங்கள் 15 இலக்க எண் உள்ள பதிவுச் சான்றிதழின் நகலையும் வைத்துள்ளோம். அதைப் பார்த்தே டைப் செய்யவும். பில் எண், தேதி, மொத்தத் தொகை 94,400 ஆகியவை மாற வேண்டாம். புதிய எண்ணில் புதிய பில் போட்டால் ஒரே சரக்கை இரண்டு முறை விற்றதாகிவிடும். விலையில் மாற்றம் இல்லாததால் கிரெடிட் நோட்டும் தேவையில்லை. ஆகஸ்ட் 11-க்குள் தாங்கள் தாக்கல் செய்யும் ஜூலை ரிட்டர்னில், பதிவில்லாதோர் விற்பனையிலிருந்து இத்தொகையைக் கழித்து, எங்கள் எண்ணில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வரி தாங்கள் ஏற்கனவே கட்டியதுதான், இதனால் கூடுதல் வரி எதுவும் வராது."

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இன்னொரு முறை வரி கட்டச் சொல்கிறோமோ என்றுதான் அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். சட்டப்படி நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை இப்படித் திருத்தலாம். அதுவரை 14,400 ரூபாயை வெளியே விட்டு வைக்க எங்களால் முடியுமா?

திருத்திய பில் வந்துவிட்டது. ஆகஸ்ட் 14 பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆடியோ போட்டவர் பார்த்தது இடையில் இருந்த நாட்களின் பில்.

கம்பியில் சந்தேகம் என்றால் பில்லைவிடக் கம்பியையே பாருங்கள். எனாமல் பூச்சுக்குள் அலுமினியமும் காப்பர் நிறத்தில்தான் தெரியும். பிளேடால் சுரண்டினால் வெள்ளை வந்துவிடும். மேலே காப்பர் முலாம் போட்டது சுரண்டினாலும் ஏமாற்றும், அதைக் கட்டரால் வெட்டி முனையைப் பார்க்க வேண்டும், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். எங்கள் கம்பி முனை வரை சிவப்பு. ஒரு துண்டு கேட்டால் வெட்டித் தருகிறோம்.

ஆடியோவைக் கேட்டும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, பில்லைக்கூடப் பார்க்காமல் போன விவசாயி அண்ணன் ஒருவரை என்றும் மறக்க மாட்டேன். எங்களால் அதே தொல்லை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக, ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் இனி மோட்டாரை இறக்கும்போதே எண்ணைக் கொடுத்துவிடுங்கள். எண் இல்லாதவர்கள் எதுவும் தர வேண்டாம், பில் வழக்கம்போல உண்டு. மாதம் முடிந்து எங்கள் ரிட்டர்ன் போன பிறகு "என் நம்பரைப் போட்டுக் குடுங்க" என்று வந்தால், அடுத்த மாதம் வரை நீங்கள்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்த 10 ஹெச்பி மோட்டார் வியாழக்கிழமை ரெடி. திருத்திய பில்லின் நகலை அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்