ஒரு ரிவ்யூவும் இல்லாத பெட்ஷீட்

மாப்பிள்ளை,

தைப்பூசத்துக்குச் சென்னிமலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதற்கு முதலில் நன்றாகத் திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அந்த வாரத்தில்தான் தேதி கிடைத்தது. இப்போது நன்றாக இருக்கிறார்கள். ஈரோட்டில் எங்கள் தெருவில் தறிச்சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை என்பது மட்டும்தான் புகார். சின்னவள் பத்தாவது பரீட்சை எப்படி எழுதினாள்? கணக்கு கஷ்டமாக இருந்தது என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்களே.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ஷீட்டை இணையத்தில் போட்டு 17 நாளாகியும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை, ரிவ்யூ இல்லாததுதான் காரணம், பங்காளிகளையும் மாமன் மச்சானையும் விட்டுப் பத்து ரிவ்யூ எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. விற்கிறவனே வாடிக்கையாளர் போல வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. அதை விடு, ஒரே வாரத்தில் பத்துப் பேர், பத்தும் ஐந்து நட்சத்திரம், பத்தும் "சூப்பர் குவாலிட்டி" என்று இருந்தால் வாங்குகிறவனுக்கு மூக்கு இல்லையா, மோப்பம் பிடித்துவிடுவான்.

உன் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். "பிரீமியம் தரம், மென்மையானது, 100 சதவீதம் திருப்தி உத்தரவாதம், டபுள் சைஸ், 899 ரூபாய்." அவ்வளவுதான். இப்போது எங்கள் ஊர் கனி ஜவுளி மார்க்கெட்டை நினைத்துப் பார். திங்கட்கிழமை ராத்திரி வருகிற வெளியூர் வியாபாரிக்கு உன்னை முன்பின் தெரியாது. உன் வாய்ப்பேச்சையா கேட்கிறான்? விரித்து முழம் போடுகிறான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான், விரலை நனைத்துத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறான், கடைசியாக "கோளாறு இருந்தா அடுத்த வாரம் மாத்திக் கொடுப்பீங்களா" என்று கேட்கிறான். நாலும் முடிந்த பிறகுதான் காசை எடுக்கிறான். பெங்களூரில் உட்கார்ந்து போனில் பார்க்கிற பெண்ணுக்கும் அதே நாலு சந்தேகம்தான், தொட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. ரிவ்யூ இருந்தால் ஏற்கனவே வாங்கியவன் அவளுக்காகத் தொட்டுச் சொல்லியிருப்பான். இல்லாத வரைக்கும் அந்த வேலையை உன் பக்கத்தில் இருக்கிற வார்த்தைகள்தான் செய்ய வேண்டும்.

ஒரு வேலை செய்தேன். உன் விலையை ஒட்டி விற்கிற வேறு பெட்ஷீட்டுகளுக்கு வந்த இரண்டு, மூன்று நட்சத்திர ரிவ்யூக்களை மட்டும் உட்கார்ந்து படித்தேன் (ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றும் கிடைக்காது, ஒரு நட்சத்திரத்தில் பாதிக்குமேல் கூரியர்காரனைத் திட்டுவது). திரும்பத் திரும்ப வருவது மூன்றே குறைகள்: மெத்தைக்குப் பத்தவில்லை, மெல்லியதாக இருக்கிறது, சாயம் போகிறது. இந்த மூன்றுக்கும் உன் பக்கத்தில் பதில் இருக்கிறதா பார். ஒரு வரி இல்லை.

அளவுதான் பெரிய வில்லங்கம், நானே பட்டிருக்கிறேன். ஜமக்காளம் விற்க ஆரம்பித்த புதிதில் நானும் "டபுள் சைஸ்" என்று மட்டும் எழுதினேன், முதல் மாதத்திலேயே 11 உருப்படி திரும்பி வந்தது. ஆளாளுக்கு டபுள் என்றால் ஒவ்வொரு அளவு மனதில் இருக்கிறது. உன்னுடையது 90×100 அங்குலம் என்று போனில் சொன்னாய். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டேன், "கொஞ்சம்" என்றாய். கொஞ்சம் என்று எழுத முடியாது, அளந்து பார். துணியின் நடுவில் பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் 50 சென்டிமீட்டருக்குக் குறி போட்டு, மூன்று தடவை வீட்டில் துவைக்கிற மாதிரியே துவைத்துக் காயவைத்து மறுபடி அள. நீ அனுப்பிய நீல பெட்ஷீட்டில் நான் பார்த்தபோது பாவு வாக்கில் 48, ஊடை வாக்கில் 48.5 வந்தது, அதாவது நீளத்தில் 4 சதவீதம், அகலத்தில் 3 சதவீதம். 100 அங்குலம் 96 ஆகிறது, 90 அங்குலம் 87 சொச்சம் ஆகிறது.

இதை மெத்தை மேல் போட்டுப் பார். 60 அங்குல அகல மெத்தையென்றால் இரண்டு பக்கமும் 13 அங்குலத்துக்கு மேல் தொங்கும், மெத்தை கனம் 6 அங்குலம் போக அடியில் செருக 7 அங்குலம் மிச்சம், தாராளம். அதையே 72 அங்குல மெத்தையில் விரித்தால் பக்கத்துக்கு ஏழரை அங்குலம்தான், 6 அங்குலக் கனத்துக்குப் போனால் செருக ஒன்றரை, ராத்திரி ஒருதரம் புரண்டால் கழன்றுவிடும். 8 அங்குலக் கனமென்றால் மெத்தையின் பக்கத்தையே மூடாது. அதனால் இப்படி எழுது: "60×78 மெத்தைக்கு, 6 அங்குலக் கனம் வரை பொருந்தும். 72×78 மெத்தைக்கு இது பத்தாது, 108×108 பாருங்கள். அளவு துவைப்பதற்கு முன் 90×100 அங்குலம். மூன்று துவைப்புக்குப் பின் சுமார் 87×96 அங்குலம்." பத்தாது என்று எழுதினால் ஆர்டர் போகுமே என்பாய். போகட்டும், அது எப்படியும் திரும்பி வரப்போகிற ஆர்டர்தான். தவிர, தன் பொருள் எதற்கு ஆகாது என்று சொல்கிறவன் மற்றதைச் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது இல்லையா?

கனத்துக்கு ஜிஎஸ்எம் போடு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று, ஆனால் அதோடு நிறுத்தாதே, பாதிப் பேருக்கு அது புரியாது. உன் பெட்ஷீட் தலையணை உறை இல்லாமல் 750 கிராம், பரப்பு 5.8 சதுர மீட்டர், வகுத்தால் 130-ஐ ஒட்டி வருகிறது. தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி ஒரு படம், ஜன்னல் வெளிச்சத்தில் பெட்ஷீட்டுக்குப் பின்னால் கையை வைத்து ஒரு படம், இரண்டும் போதும். விரல் நிழலாகத் தெரிந்தால் தெரியட்டும், கோடைக்கு ஏற்ற நடுத்தரக் கனம் என்று கீழே எழுதிவிடு.

சாயம். உன் மெரூனை வெள்ளைத் துணியோடு ஊறவைத்துப் பார்த்துவிட்டு எழுது. முதல் துவைப்பில் இறங்கினால் "முதல் இரண்டு முறை தனியாகத் துவையுங்கள், லேசாகச் சாயம் இறங்கும், அதற்குப் பிறகு இறங்காது" என்று சொல்லு, ஆனால் மூன்றாவது துவைப்பில் வெள்ளைத்துணி வெள்ளையாகவே இருக்கிறதா என்று நீ பார்த்த பிறகு மட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் நூலில் பிடிப்பது சாயப்பட்டறையில் சோடா போடும்போதுதான், வீட்டு வாளியில் உப்புப் போட்டு ஒன்றும் ஆகாது. அதை எழுதாதே. "கைத்தறி" என்ற வார்த்தையையும் எடுத்துவிடு. உன்னுடையது விசைத்தறி, அதையே எழுது, அதில் என்ன வெட்கம்?

அப்புறம் ரிட்டர்ன். நாலாவது கேள்வி இதுதான், ரிவ்யூ இல்லாத பொருளுக்கு இதுதான் முதல் கேள்வியும்கூட. நீ போட்டிருப்பது "எங்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ரிட்டர்ன் ஏற்கப்படும்". அந்த நிபந்தனை எங்கேயும் இல்லை! படிக்கிறவள் மனதில் இது "தர மாட்டோம்" என்றுதான் பதியும். எத்தனை நாள், எந்த நிலையில், கூரியர் செலவு யாருடையது, பணம் எப்போது எப்படி வரும், இந்த நாலும் தெரியாமல் 899 ரூபாயை யாரும் அனுப்ப மாட்டார்கள். நான் எழுதிப் பார்த்தது இது:

"கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள், துவைக்காமல் இருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி அனுப்பலாம். பிடிக்கவில்லை என்றால் திருப்பும் கூரியர் செலவு 80 ரூபாய் உங்களுடையது. கிழிசல், கறை, அளவுக் குறைவு, வேறு நிறம் என்றால் செலவு எங்களுடையது, துவைத்திருந்தாலும் எடுத்துக்கொள்வோம், ஒரு போட்டோ அனுப்பினால் போதும். பெட்ஷீட் எங்களிடம் வந்து 3 வேலை நாளில் பணம் திரும்பும். டெலிவரியின்போது பணம் கொடுத்தவர்களுக்கு யுபிஐயில் அனுப்புவோம்."

பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை என்று பலபேர் போடுகிறார்கள், நீ போடாதே. இன்னும் ஒன்றுமே வாங்காதவளை முதலிலேயே திருடி மாதிரி பார்க்கிற வேலை அது. குறையுள்ள பொருளையோ, சொன்னதுக்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமையும் கிடையாது, அதே 2020 விதிகளில் இருக்கிறது. அதன்படியே புகாருக்குப் பொறுப்பாளர் பெயர், போன் எண், முகவரி எல்லாம் போட வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. தறிக்குடோனின் முழு முகவரியைப் போடு, நீ போன் எடுக்கிற நேரத்தையும் போடு. தறி ஓடும்போது உனக்குக் காது கேட்காது, அந்த நேரத்தை எழுதாதே.

நஷ்டம் ஆகுமே என்று கேட்பாய். 100 விற்று 7 திரும்பி, ஏழுக்கும் போகவர 160 ரூபாய் நீயே கொடுத்தாலும் 1,120 ரூபாய், ஓர் உருப்படிக்கு 11 ரூபாய் சொச்சம். விலையை 910 ஆக்கிவிடு. திரும்பி வருவது 15, 20 என்று ஏறினால் கோளாறு ரிட்டர்னில் இல்லை, பக்கத்தில் எழுதியதில் இருக்கிறது என்று அர்த்தம், எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அந்த வரியை மாற்று. இதெல்லாம் உன் சொந்தப் பக்கத்துக்குத்தான். பெரிய விற்பனைத் தளத்தில் போடும்போது ரிட்டர்ன் நாள் அவர்கள் வைத்தது, அதற்கு மாறாக விவரத்தில் எழுதிவைத்தால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவாய்.

மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்: "14 வருஷமாகத் தறி ஓட்டுகிறோம், நேரடியாக விற்க ஆரம்பித்தது இந்த மாதம்தான், அதனால் ரிவ்யூ இன்னும் இல்லை." மறைக்க என்ன இருக்கிறது, நட்சத்திரம் இல்லாதது எல்லோருக்கும்தான் தெரிகிறது. "இன்னும் 2 மட்டுமே பாக்கி" என்று சிவப்பில் ஓடுகிறதே, அதை இன்றைக்கே நிறுத்து. குடோனில் 400 கிடக்கிறது.

மாற்றிய பிறகு நாலு நாளில் போன் போட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்பாதே. 40 பேர் பார்த்து ஒருத்தர் வாங்கினாலும் இரண்டு பேர் வாங்கினாலும் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவா. அளவு, கனம், சாயம் பற்றிய கேள்வி குறைந்து "புதன்கிழமைக்குள் வருமா" என்று கேட்க ஆரம்பித்தால் வழிக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்கு ஒரு மெரூன் வேண்டுமாம். கட்டில் 48 அங்குல அகலம், 75 நீளம், இலவம்பஞ்சு மெத்தை 5 அங்குலக் கனம். நீ போனில் சொல்லாதே, அடுத்த வாரம் உன் பக்கத்தைப் பார்த்தே எந்த அளவு என்று என்னால் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன். காசு கொடுத்துத்தான் வாங்குவேன், ரிவ்யூ எழுத மாட்டேன்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி,
ஈரோட்டிலிருந்து