செயலாளர் ஆண்டறிக்கை: தையல் பயிற்சி நிலையத்துக்குக் கவுன்சில் இணைப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் நிலையத்தில் ஆறு மாதம் தையல் படித்த ஒரு பெண், வேலை கேட்டுப் போன இடத்தில் "இது எந்தக் கவுன்சில் சான்றிதழ்?" என்று கேட்கப்பட்டுத் திரும்பி வந்ததைச் சென்ற பொதுக்குழுவில் அவருடைய தாயார் சொன்னார். நாம் கொடுத்த தாளில் சங்க முத்திரை மட்டும்தான் இருந்தது. அதைச் சரிசெய்வதிலேயே இவ்வாண்டின் பெரும்பகுதி போயிற்று.

இணைப்பு என்பது நிலையத்துக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைப்பதில்லை. இன்ன முகவரியில், இன்ன பயிற்சிக்கு என்றுதான் தருகிறார்கள். நாமே எழுதிய பாடத்திட்டத்தோடு போனால் நடக்காது. ஆடைத் துறைத் திறன் கவுன்சில் வகுத்து, தேசியத் தொழிற்கல்விக் குழுமம் ஏற்ற, ஒரு வேலைக்கு வேண்டிய திறன்களை வரையறுக்கும் தகுதித் தொகுப்புகளில் ஒன்றை எடுத்து நடத்த வேண்டும். நமக்கு முன் இரண்டு இருந்தன: தொழிற்சாலைத் தையல் இயந்திர இயக்குநர் (AMH/Q0301), சுயதொழில் தையலர் (AMH/Q1947). நம்மிடம் வருபவர்களில் பலர் அளவெடுத்து, வெட்டி, வீட்டிலேயே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பவர்கள் என்பதால் இரண்டாவதை எடுத்தோம்.

இணையவழி விண்ணப்பத்தை விட ஆசிரியர் தகுதிதான் கடினமாக இருந்தது. இருபது ஆண்டு அனுபவமுள்ள நம் ஆசிரியையும் பயிற்றுநர் பயிற்சிக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டியிருந்தது; தேர்ச்சிக்கு 80 சதவீதம் வேண்டும். தையலில் அவருக்குக் குறையே இல்லை. பாடத்தைத் திட்டமிட்டு நடத்திக் காட்டும் பகுதியில் முதல் முறை தவறி, அடுத்த முறை வென்றார். அந்த இடைவெளியில் விண்ணப்பம் நகரவில்லை.

நேரடி ஆய்வில் இயந்திரங்களை எண்ணி, கருவிப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். கட்டட வாடகை ஒப்பந்தம் முன்னாள் தலைவர் பெயரில் இருந்ததால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. புதிய ஒப்பந்தம் போட்டு மீண்டும் அனுப்பினோம்.

இணைப்புக் கிடைத்தபின் முதல் அணியில் 20 பேர். மதிப்பிட்டவர் நம் ஆசிரியை அல்லர், வெளி நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர். 17 பேர் தேறினார்கள். அதில் இருவரின் பெயர் எழுத்துகள் ஆதாரோடு பொருந்தாமல் சான்றிதழ் தாமதமானது. இனிச் சேர்க்கையன்றே ஆதாரைப் பார்த்துத்தான் பெயர் பதிய வேண்டும்.

பழைய மாணவிகள் பலர் தங்கள் சான்றிதழை மாற்றித் தரச் சொல்கிறார்கள். அது முடியாது. வாய்ப்பு அமைந்தால், முன்னறிவை அங்கீகரிக்கும் மதிப்பீட்டில் அவர்கள் கலந்துகொண்டு தேறலாம்.

தகுதித் தொகுப்புக்கும் காலக்கெடு உண்டு. காலாவதியானதில் அணி தொடங்கினால் உழைப்பு வீணாகும். ஆகவே ஒவ்வோர் அணிக்கும் முன் nqr.gov.in தளத்தில் தேதியைப் பார்க்கும் பொறுப்பை இணைச்செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். இன்னொரு ஆசிரியையைப் பயிற்றுநர் தேர்வுக்கு அனுப்பவும் செயற்குழு நிதி ஒதுக்க வேண்டும். இப்போதுள்ள ஒருவர் விடுப்பெடுத்தாலே வகுப்பு நின்றுவிடுகிறது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.