குறுஞ்செய்தி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், வில்லங்கச் சான்று, தட்கல் டிக்கெட், உதவித்தொகை விண்ணப்பம் என்று எந்த வேலையாக இருந்தாலும் நடுவில் ஓர் இடத்தில் எல்லாம் நின்றுவிடும். கம்ப்யூட்டர் ஓ.டி.பி. கேட்கும். எதிரே இருப்பவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடந்த ஆவணி மாதக் கடைசியிலிருந்து எங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட மொபைல் நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஓ.டி.பி. நேரத்துக்கு வருவதில்லை. சிலருக்கு வருவதே இல்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் படித்தால் தங்களைப் பற்றித்தான் என்று தெரிந்துகொள்ளும்படி விவரமாக எழுதுகிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பேத்திக்குப் பள்ளியில் ஆதார் நகல் கேட்டார்கள் என்று பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சி பஸ் ஏறி வந்திருந்தார். ஆதார் ஓ.டி.பி. பத்து நிமிடம் செல்லும். அந்தப் பத்து நிமிடமும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், வரவில்லை. திரும்பக் கேட்டோம். மூன்றாவது முறை கேட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் சிணுங்கியது. ஆச்சி சந்தோஷமாக எண்களைப் படித்தார். தவறான எண் என்று திரை சொன்னது. வந்தது முதலில் கேட்டதற்கான எண். அது காலாவதியாகிவிட்டது. "நான் சரியாத்தானே தம்பி படிச்சேன்" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சரியாகத்தான் படித்தார். அன்றைக்கு வேலை முடியாமலேயே ஊருக்குத் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்த சிம், கேட்ட நேரம், வந்த நேரம், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அந்த நிறுவனத்தின் சிம்மில் 31 முறை ஓ.டி.பி. கேட்டிருக்கிறோம். 19 முறை சில நொடிகளில் வந்துவிட்டது. 8 முறை தாமதம். 4 முறை கடைசிவரை வரவில்லை. அதே மேஜையில், அதே நாட்களில், வேறு நிறுவன சிம்களில் இப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். தாமதமாக வந்தவை கண்டபடி சிதறி இருக்கவில்லை. ஒன்று நான்கு நிமிடத்தை ஒட்டி வந்தது, இல்லையென்றால் பதின்மூன்று நிமிடத்தை ஒட்டி வந்தது.

இதற்குக் காரணம் உண்டு. வங்கியோ ஆதார் அலுவலகமோ அனுப்பும் செய்தி நேராக நம் போனுக்கு வருவதில்லை. நடுவில் ஒரு செய்தி மையம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, போன் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்கே தள்ளிவிடும். போன் பதில் சொல்லவில்லை என்றால் செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும். அப்போதும் முடியாவிட்டால் அடுத்த முயற்சிக்கான இடைவெளியைக் கூட்டிவிடும். எத்தனை நிமிடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் தாமதங்கள் இப்படிப் படிப்படியாக வந்தால், முதல் முயற்சி தோற்று, செய்தி மறுமுயற்சிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதைச் சொல்லிப் புகார் செய்தபோது வாடிக்கையாளர் சேவையில் நான்கு பதில்கள் வந்தன. அவற்றைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும்.

முதல் பதில், "அனுப்புகிற வங்கியைக் கேளுங்கள்". வங்கியில் கேட்டால் மொபைல் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார்கள். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று, டியூஷன் சென்டர்களுக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் தொழில் செய்கிற நண்பர் ஒருவரிடம் சொன்னேன். என்னிடம் இரண்டு சிம் இருக்கிறது. ஒன்று புகாருக்குரிய நிறுவனம், மற்றது வேறு நிறுவனம். இரண்டுக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்பினார். ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பியவருக்கு ஒரு ரசீது திரும்பி வரும். முதல் சிம்முக்கான ரசீதில் இருந்தது இது:

```
submit date:2509181022 done date:2509181035 stat:DELIVRD
```

முதல் எண் செய்தி ஏற்கப்பட்ட நேரம், இரண்டாவது எண் போனில் சேர்ந்த நேரம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். 18-ஆம் தேதி காலை 10.22-க்கு ஏற்கப்பட்டு 10.35-க்குச் சேர்ந்திருக்கிறது. மற்ற சிம்முக்கான ரசீதில் இரண்டுமே 10.22. அனுப்பிய இடம் ஒன்று, அனுப்பிய நேரம் ஒன்று, இரண்டு போனும் என் மேஜை மேல்தான் இருந்தன. பிறகு எப்படி இது அனுப்பியவரின் கோளாறாகும்?

இரண்டாவது பதில், "டிராய் விதிப்படி செய்திகள் வடிகட்டப்படுகின்றன, அதனால் தாமதம்". வடிகட்டல் இருப்பது உண்மை. நிறுவனங்கள் அனுப்பும் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவோடு பொருந்தாத செய்தி போகாது என்பது 2018 விதிமுறை. 2021 மார்ச் 8 அன்று அந்த வடிகட்டலை முழுதாக இயக்கியபோது நாடு முழுக்க ஓ.டி.பி.க்கள் நின்றுபோய், மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் வடிகட்டலில் மாட்டிய செய்தி அங்கேயே தள்ளுபடியாகிவிடும். பதின்மூன்று நிமிடம் கழித்து வந்து சேராது. எங்கள் ஊரில் பிந்தி வரும் செய்திகளுக்கு இந்தக் காரணம் பொருந்தவே பொருந்தாது.

மூன்றாவது பதில், போனில் உள்ள செய்தி மைய எண்ணை மாற்றச் சொன்னது. அந்த எண் நாம் அனுப்பும் செய்திக்கு மட்டும்தான். நமக்கு வரும் செய்திக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. இதைக் கேட்டு அமைப்புகளில் கை வைத்த இரண்டு பேருக்கு, போய்க்கொண்டிருந்த எஸ்.எம்.எஸ்.ஸும் போகாமல் ஆனது. நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

நான்காவது பதில்தான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. அந்த ஆச்சியிடம் புது சிம் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பணம் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். பழைய எண்ணுக்குப் புது சிம் போட்டால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். போகவும் போகாது, வரவும் வராது. சிம்மை ஏமாற்றி வாங்கிப் பணம் பறிப்பவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிம்மை விற்றவர் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? ஆச்சிக்கு இரண்டாவது பஸ் செலவும் வீணானது. புது சிம்மிலும் தொல்லை அப்படியே இருந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். 4ஜி-யில் இன்டர்நெட் ஒரு பாதை, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் போன் நெட்வொர்க்கில் தனியாகச் செய்துகொள்ளும் இன்னொரு பதிவின் மேல் ஓடுகின்றன. அந்தப் பதிவு அறுந்துபோனாலும் இன்டர்நெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும், வாட்ஸ்அப் வரும், ஆனால் எஸ்.எம்.எஸ். வராது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓ.டி.பி. வராத நேரத்தில் அந்த எண்ணுக்கு வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுகிற அதே போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னால், பதிவு அறுந்திருக்கிறது. எங்கள் கடையில் ஐந்து முறை சோதித்தேன், ஐந்து முறையும் அப்படித்தான். அந்த நேரத்தில் போனின் நெட்வொர்க் அமைப்பில் போய் 2ஜி மட்டும் என்று மாற்றினால், காத்துக் கிடந்த செய்திகள் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. புதிதாகக் கேட்கும் ஓ.டி.பி.யும் ஐந்து நொடியில் வருகிறது. அதே போனோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டுக்குப் போனால் 4ஜி-யிலேயே ஒழுங்காக வருகிறது. போனும் நன்றாக இருக்கிறது, சிம்மும் நன்றாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பகுதியில் அவர்களுடைய 4ஜி ஏற்பாட்டில்தான் ஏதோ சரியில்லை.

போனை அணைத்துப் போட்டாலும் சரியாகும். ஏனென்றால் அப்போது பதிவு புதிதாக நடக்கிறது. அதுவும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். இதனால்தான் புகார்கள் சீக்கிரம் மூடப்படுகின்றன என்று நினைக்கிறேன். அணைத்துப் போடச் சொல்கிறார்கள், ஒரு செய்தி வருகிறது, புகார் தீர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். என்னுடைய மூன்று புகார் எண்களும் இப்படித்தான் முடிந்தன. அந்தப் பகுதிக்கு ஆள் வந்து பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த நிறுவனத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. எந்தச் செய்தி எப்போது வந்தது, எத்தனை முறை முயன்றார்கள், ஒவ்வொரு முறையும் ஏன் தோற்றது என்பது அவர்களுடைய செய்தி மையத்தின் பதிவேட்டில் இருக்கும். நான் எண்ணும் தேதியும் நிமிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வரிகளை ஒரு பொறியாளர் எடுத்துப் பார்க்கட்டும். தோற்றவையெல்லாம் ஒரே டவர் பகுதியைக் காட்டினால் அங்கே ஆளை அனுப்பட்டும். பார்த்தது என்ன என்று எழுத்தில் பதில் தரட்டும். அதுவரை, எங்கள் ஊரிலிருந்து ஓ.டி.பி. புகார் வந்தால் புது சிம் வாங்கச் சொல்லாமல் இருக்கட்டும்.

இதே தொல்லையில் இருக்கும் வாசகர்கள் கேட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள், புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிராயின் 2012 விதிமுறைப்படி, புகாருக்குக் கிடைத்த தீர்வில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; கட்டணம் இல்லை. அவர்கள் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நோட்டின் நகலையும் அந்த ரசீது வரியையும் இணைத்து நான் மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். ஆச்சியின் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, அதில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இணையச் சேவைக் கடை நடத்தும் வாசகர்,
தென்காசி மாவட்டம்.