அந்தக் கெட்டிக்கார டெவலப்பரைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டீமையே அழவைக்கிற அந்த சீனியரைப் பற்றி டைரக்டரிடம் சொன்னதற்கு, "அவன் இல்லாட்டி ரிலீஸ் போகாதேப்பா" என்று அவர் பேச்சை முடித்துவிட்டதாகச் சொன்னாய். "கடுமையா பேசுறார்" என்று போய் நின்றால் அந்தப் பதில்தான் வரும். அவர் கண்ணுக்குத் தெரிவது ரிலீஸ் மட்டும்.

எங்கள் டீமில் பில்லிங் பகுதியைக் கையில் வைத்திருந்தவரும் அப்படித்தான். ஆறு மாதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். எச்.ஆரிடம் இருவரும் "நல்ல வாய்ப்பு கிடைத்தது" என்றே எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் நானே போன் செய்து கேட்டபோதுதான் ஒரு பெண் உண்மையைச் சொன்னாள். சந்தேகம் கேட்டால் எட்டுப் பேர் முன்னால் கேவலப்படுத்துவார் என்று பயந்து, கேட்காமலே கோட் எழுதியிருக்கிறாள். அதில் இருந்த வரிக்கணக்குத் தவறை வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். அந்த இரண்டு இடங்களை நிரப்பி, புதியவர்கள் தேறுவதற்கு ஏழு மாதம் ஆனது. இதையெல்லாம் தேதி போட்டு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் என் மேலாளர் காதுகொடுத்தார்.

ஹவுஸ்மன், மைனர் என்ற இருவர் 2015-ல் வெளியிட்ட ஆய்வையும் உன் டைரக்டரிடம் சொல். 11 நிறுவனங்களில் 50,000-க்கு மேற்பட்ட ஊழியர்களைப் பார்த்தார்கள். வேலைத்திறனில் உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீதத்து ஆள் கூடுதலாகத் தருவது சுமார் 5,300 டாலர். நச்சு ஆள் ஒருவரைத் தவிர்த்தால் மிச்சம் சுமார் 12,500 டாலர். அப்படிப்பட்டவர்கள் வேகமாக வேலை செய்பவர்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் பெரிய ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டவர்களைத்தான் அவர்கள் அப்படிக் கணக்கிட்டார்கள். உன் ஆளுக்கு அந்தத் தொகை அப்படியே பொருந்தாது, அதையும் சேர்த்தே சொல்.

அந்த சீனியரிடம் பேசும்போது "ஆட்டிட்யூட்" என்ற சொல்லே வேண்டாம். "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் இன்னாரிடம் இப்படிச் சொன்னீர்கள், அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை" என்று ஒரே சம்பவத்தை எடு. "கோட் தப்புதானே?" என்பார். தப்புதான் என்று ஒப்புக்கொள். பேச வந்தது சொன்ன விதத்தைப் பற்றி என்பதில் மட்டும் நகராதே. இரண்டு மாதம் கொடு, இந்த வருட ரேட்டிங் இதையும் பார்த்துத்தான் என்று சொல்லிவிடு. அதற்கு டைரக்டரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவை, இல்லையென்றால் அந்த சீனியர் நேராக மேலே போய்விடுவார்.

எங்கள் ஆள் கத்துவதை நிறுத்தினார். ஆனால் தனக்குப் பிடிக்காதவர்களின் கோட் ரிவ்யூ மட்டும் நான்கு நாள் அப்படியே கிடந்தது. யாருடையது எத்தனை நாள் காத்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்ததால்தான் எனக்கு அது பிடிபட்டது. இரண்டாவது முறை கூப்பிட்டுப் பேசிய மறுவாரம் ராஜினாமா கொடுத்தார். அதற்குள் இன்னொருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று ரிலீஸ்களைத் தன் கையாலேயே செய்து பழகியிருந்ததால் பில்லிங் நிற்கவில்லை.

உன் டீமில் அடுத்த ரிலீஸை அவரோடு உட்கார்ந்து செய்யப்போவது யார்? அதை இந்த வாரமே முடிவு செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா