பங்குகளைத் திரும்ப வாங்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற கம்பெனிகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன் நான். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன் அவர்களுடைய பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பது என் வேலை. அதில் அடிக்கடி விடுபட்டுப் போகிற ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குடும்பக் கம்பெனியிலிருந்து ஒரு பங்குதாரர் விலகுகிறார். மற்றவர்களிடம் அவர் பங்கை வாங்கப் பணம் இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனியே பங்குகளை வாங்கி ரத்து செய்துவிடுகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 68-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் அடுத்த பிரிவான 69 கேட்பது ஒன்று உண்டு. காப்பு நிதியிலிருந்தோ பங்கு பிரீமியத்திலிருந்தோ பங்குகளை வாங்கினால், வாங்கிய பங்குகளின் முக மதிப்புக்குச் சமமான தொகையை மூலதன மீட்புக் காப்புக்கு மாற்ற வேண்டும். பல கம்பெனிகளில் பணம் போகிறது, பங்குகள் ரத்தாகின்றன, இந்தப் பதிவு மட்டும் வருவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 ரூபாய் பங்குகள் 10 லட்சம், அதாவது மூலதனம் 1 கோடி. பொதுக் காப்பு 1.5 கோடி, பங்கு பிரீமியம் 50 லட்சம். மொத்தம் 3 கோடி. சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் இதில் 25 சதவீதம், அதாவது 75 லட்சம் வரை செலவிடலாம். 1.5 லட்சம் பங்குகளைத் தலா 50 ரூபாய்க்கு வாங்கினால் சரியாக 75 லட்சம் ஆகிறது. அதில் 15 லட்சம் முக மதிப்பு. அது மூலதனத்திலிருந்து கழிகிறது. மீதி 60 லட்சத்தில் 50 லட்சம் பிரீமியக் கணக்கிலிருந்தும் 10 லட்சம் பொதுக் காப்பிலிருந்தும் போகிறது.

இப்போது மூலதனம் 85 லட்சம், பொதுக் காப்பு 1.4 கோடி. இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பொதுக் காப்பிலிருந்து 15 லட்சத்தை எடுத்து மூலதன மீட்புக் காப்பில் வைத்தால்தான் வேலை முடிகிறது. மூலதனம் 85, மீட்புக் காப்பு 15, சேர்ந்து பழைய 1 கோடி. ஒரு பைசாவும் வங்கியிலிருந்து நகராத பதிவு இது. ஆனால் அந்த 15 லட்சம் இனி டிவிடெண்டாக வெளியே போக முடியாது. போனஸ் பங்காகக் கொடுக்கலாம். அப்போதும் அது மூலதனமாகவே திரும்புகிறது. பதிவு இல்லாவிட்டால் 1.4 கோடி முழுவதும் பிரித்துக் கொடுக்கக் கூடியதாகத் தெரியும். 1 கோடி மூலதனம் உள்ளே இருக்கிறது என்று நம்பிச் சரக்கு அனுப்பியவருக்கு 85 லட்சம்தான் மிஞ்சும்.

சரி, இந்தக் காப்பு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுமா? இல்லை. இன்ஃபோசிஸ் 2017-இல் சுமார் 11.3 கோடி பங்குகளைத் தலா 1,150 ரூபாய்க்கு வாங்கியது. வெளியே போனது 13,000 கோடி. முக மதிப்பு 5 ரூபாய் என்பதால் மீட்புக் காப்புக்குப் போக வேண்டியது சுமார் 56.5 கோடி மட்டுமே. ஆக, இது போன பணத்தை ஈடு செய்யும் நிதி அல்ல; மூலதனத்தின் அளவு குறையாமல் பிடித்து வைக்கிற ஏற்பாடு. வாங்கிய விலை முழுவதையும் இதில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு டிவிடெண்டுக்குக் காப்பு போதவில்லை என்று திணறிய கம்பெனியையும் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லாத கட்டு.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. நிலத்தை மறுமதிப்பீடு செய்ததால் ஏறிய காப்பையும் சேர்த்து அந்த 25 சதவீதத்தைக் கணக்கிடுவது. கைக்கு வராத லாபம் அது. டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்கக் கூடிய தடையற்ற காப்பில் சட்டப்படி அது சேராது.

பதிவு விடுபட்டதா என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பங்கு மூலதனக் குறிப்பில் ஆண்டின் தொடக்க எண்ணிக்கையும் முடிவு எண்ணிக்கையும் இருக்கும். பை-பேக்கால் குறைந்த பங்குகளை முக மதிப்பால் பெருக்குங்கள். புதிதாகப் பங்கு வெளியிட்ட பணத்தில் வாங்கியிருந்தால் தவிர, அதே தொகை காப்புகள் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். எத்தனை பங்குகள் ரத்தாயின, எந்தக் காப்பிலிருந்து எவ்வளவு மாற்றினீர்கள் என்று குறிப்பில் முழுதாக எழுதுங்கள். பழைய ஆண்டில் விட்டுப்போயிருந்தால், அடுத்த டிவிடெண்டை அறிவிப்பதற்கு முன் உங்கள் தணிக்கையாளரை உட்கார வைத்துப் பேசி, பொதுக் காப்பில் தொகை இருக்கும்போதே அந்தப் பதிவைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புவோரில் ஒருவன்