அட்வான்ஸ் வாங்கிய தேதியை வைத்து 28% வரி போட்ட பில் குறித்த புகார்

அனுப்புநர்: விடுதி உரிமையாளர், காந்தி ரோடு, வேலூர்.
பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு, ஏசி விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: கூடுதலாக வசூலித்த ரூ.15,000 ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா,

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். வைத்தியத்துக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்து வரும் குடும்பங்கள்தான் பெரும்பாலும் தங்குகிறார்கள். ஒரு நாள் அறை வாடகை ரூ.900. தங்களிடம் 2025 ஆகஸ்ட் 29 அன்று பத்து ஸ்ப்ளிட் ஏசிக்கு ஆர்டர் கொடுத்தேன். ஒன்று ரூ.30,000 வீதம் வரிக்கு முன் ரூ.3,00,000. அன்றைக்கு ஏசிக்கு வரி 28%, ஆக மொத்தம் ரூ.3,84,000 என்று கொட்டேஷன் தந்தீர்கள். அதில் பாதியான ரூ.1,92,000-ஐ அன்றே நெஃப்ட் மூலம் அட்வான்ஸாக அனுப்பினேன்.

அப்புறம் செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு 18% என்று ஆனது. தங்கள் லாரி என் வாசலுக்கு வந்தது செப்டம்பர் 24. இன்வாய்ஸ் தேதியும் அதே 24. அந்த இன்வாய்ஸைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம்.

ஒரே லாரியில், ஒரே மாடலில் வந்த பத்து ஏசியில் ஐந்துக்கு 28%, ஐந்துக்கு 18% என்று இரண்டு வரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். முதல் ஐந்துக்கு ரூ.42,000, அடுத்த ஐந்துக்கு ரூ.27,000, ஆக வரி மட்டும் ரூ.69,000. பத்துக்கும் 18% போட்டிருந்தால் ரூ.54,000-தான் வந்திருக்கும். பாக்கி ரூ.1,77,000 முழுதும் கட்டினால்தான் சரக்கை இறக்குவோம் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். வாசலில் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு சட்டம் பேச முடியாது என்பதால் கட்டிவிட்டேன். கட்டினேன் என்பதற்காக ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் கேட்டபோது தங்கள் கணக்காளர் சொன்னது இது: "அட்வான்ஸ் ஆகஸ்டுல வந்துடுச்சு சார். பணம் வந்த தேதிதான் டைம் ஆஃப் சப்ளை. அன்னைக்கு 28 இருந்தது, அதனால அந்தத் தொகைக்கு 28." கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 12-ஆவது பிரிவை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அதுதான் சப்ளை நேரம், அதாவது வரி விழும் நேரம் என்று அந்தப் பிரிவில் இருக்கிறது.

ஆனால் பொருள் விற்பவர்களுக்கு இது 2017-லேயே மாறிவிட்டது. 2017 நவம்பர் 15 தேதியிட்ட 66/2017 மத்திய வரி அறிவிக்கையின்படி, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வியாபாரி பொருளுக்கு அட்வான்ஸ் வாங்கினால் அந்த அட்வான்ஸுக்கு அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை, இன்வாய்ஸ் போடும்போது கட்டினால் போதும். வரி விகிதம் மாறும் சூழலுக்கும் இது பொருந்தும் என்று அந்த அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. ஆகஸ்டில் நான் அனுப்பிய பணத்துக்கு அன்றைக்கு வரியே விழவில்லை என்றால், அதில் 28% எங்கிருந்து வந்தது?

அந்த அறிவிக்கையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் தங்கள் கணக்கு நிற்காது. நடுவில் விகிதம் மாறினால் பார்க்க வேண்டியது 14-ஆவது பிரிவு. 12-இலும் 13-இலும் என்ன இருந்தாலும் சரி என்று சொல்லித்தான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. அதைச் சுருக்கமாக என் ஆடிட்டர் சொன்னார்: சரக்கு போன தேதி, இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி மூன்றையும் எடுங்கள். இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம். என் ஆர்டரில் அட்வான்ஸ் மட்டும்தான் 22-ஆம் தேதிக்கு முன். சரக்கும் இன்வாய்ஸும் பின். பணம் முன்னால் வந்து, சரக்கும் இன்வாய்ஸும் மாற்றத்துக்குப் பிறகு என்றால் இன்வாய்ஸ் தேதிதான் சப்ளை நேரம் என்று பிரிவு 14(பி)-யில் நேராகவே இருக்கிறது. பத்து ஏசிக்கும் 18%.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 29 அன்றே பணத்தோடு இன்வாய்ஸும் போட்டிருந்தீர்கள் என்றால், சரக்கு பிறகு வந்தாலும் இரண்டு தேதிகள் முன்னால் விழுந்திருக்கும். அப்போது அந்தத் தொகைக்கு 28% கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அன்று தாங்கள் தந்தது கொட்டேஷனும் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டும்தான். அந்தக் கொட்டேஷனின் அடியிலேயே "டெலிவரி நாளில் உள்ள வரி" என்று தாங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.

"உங்களுக்கு என்ன சார், இன்புட் எடுத்துக்கப் போறீங்க" என்றும் கணக்காளர் சொன்னார். அதுவும் சரியில்லை. நாளுக்கு ரூ.7,500 வரை உள்ள அறைகளுக்கு அதே செப்டம்பர் 22 முதல் வரி 5%, ஆனால் இன்புட் கிரெடிட் கிடையாது. முன்பு 12% வசூலித்து ஏசிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது, இப்போது முடியாது. அந்த ரூ.15,000 என் கைக்காசு.

இன்னொரு விஷயம். அதே ஆகஸ்ட் 29 அன்று பத்து ஏசிக்கும் ஓராண்டுப் பராமரிப்புக்காக ரூ.20,000-உம் அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.3,600-உம் தனியாக அனுப்பினேன். இது சேவை. பொருளுக்குக் கிடைத்த அந்த 2017 சலுகை சேவைக்கு இல்லை, அட்வான்ஸ் வாங்கியவுடனேயே வரி விழும். ஆகவே அந்த ரூ.3,600 பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார், ரசீது வவுச்சர் தராததில்தான். அட்வான்ஸ் வாங்கினால் பொருளுக்கும் சேவைக்கும் அதைத் தர வேண்டும் என்பது பிரிவு 31(3)(டி). தங்கள் ஜிஎஸ்டி எண், வவுச்சர் எண், தேதி, என்ன சப்ளை, தொகை, வரி விகிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாளைக்கு பராமரிப்பு வேண்டாம் என்று நான் ரத்து செய்தால், வரியும் சேர்த்துத் திரும்ப வாங்க எனக்குப் பிடி அந்தக் காகிதம்தான். துண்டுச் சீட்டு அதற்கு உதவாது.

இப்போது நான் கேட்பது இவைதான். இன்வாய்ஸில் கூடுதலாகப் போட்ட ரூ.15,000 வரிக்கு 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டு, பணத்தை என் வங்கிக் கணக்கில் திருப்பி வரவு வைக்க வேண்டும். 2025-26 பில்லுக்கு 2026 நவம்பர் 30 வரை அல்லது தாங்கள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை அதற்குக் காலம் இருக்கிறது. அவ்வளவு நாள் எனக்குப் பொறுமை இல்லை. நான் இன்புட் கிரெடிட் எடுக்கவில்லை என்பதற்கு என் ஆடிட்டர் கையெழுத்திட்ட கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன், தங்கள் வரியைக் குறைத்துக் காட்ட அது போதும். ஆகஸ்ட் ரிட்டர்னிலேயே அந்த ரூ.42,000-ஐக் கட்டிவிட்டதாகச் சொல்வீர்களானால், அதை அரசிடம் சரிசெய்துகொள்வது தங்கள் வேலை. அதற்கான செலவை என் தலையில் கட்டக் கூடாது. பராமரிப்பு அட்வான்ஸுக்கான ரசீது வவுச்சரையும் சேர்த்து அனுப்புங்கள்.

கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், இன்வாய்ஸ், கொட்டேஷன், வங்கி ஸ்டேட்மென்ட் நகல்களோடு வேலூர் வணிகவரி அலுவலகத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்

இணைப்பு: ஆகஸ்ட் 29 கொட்டேஷன், துண்டுச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், செப்டம்பர் 24 இன்வாய்ஸ், ஆடிட்டர் கடிதம்.